மூன்று காரா, நான்கு காரா: பினாங்கில் ஒரு சிறு வாடகைக் கார் தொழிலின் கணக்கு

பட்டர்வொர்த்திலும் பிறையிலும் சொந்தக் காரில் இ-ஹெய்லிங் ஓட்டி, கையில் கொஞ்சம் சேமிப்பு சேர்ந்ததும், மேலும் சில கார்களை வாங்கி வேறு ஓட்டுநர்களிடம் கொடுத்துத் தொழிலை விரிக்க நினைப்பவர்கள் நம்மவர்களில் பலர் உண்டு. அவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தால், மாதத் தவணை, காப்புறுதி, பெட்ரோல், பழுதுபார்ப்பு எல்லாம் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஆனால் மேல்வரியில், யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் எண் இருக்கும்: மாதத்துக்கு 26 நாள். கார் மாதத்தில் 26 நாள் ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, அது 23 நாள் மட்டுமே ஓடும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. மற்ற செலவுகள் எல்லாம் அந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான் நிற்கின்றன.

எடுத்துக்காட்டாக, 30,000 வெள்ளி சேமிப்பு வைத்திருக்கும் ஒருவர் நான்கு புதிய கார்கள் வாங்க நினைக்கிறார் என்று கொள்வோம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெசா போன்ற 1.3 லிட்டர் செடான்களையே எடுக்கிறார்கள். உதிரிப்பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும், பழைய காராக விற்கும்போதும் வாங்க ஆள் உண்டு என்பதே காரணம். ஒரு கார் சாலைக்கு வரும்போது 45,000 வெள்ளி, அதில் பத்து விழுக்காடு முன்பணம், மீதி 40,500 வெள்ளி வாடகைக் கொள்முதல் கடன், வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இவை என் எடுத்துக்காட்டுக்கான எண்கள். படிப்பவர் தமக்குக் கிடைத்த விலையையும் வட்டியையும் அந்த இடத்தில் இட்டுக்கொள்ளலாம். கணக்கின் வடிவம் மாறாது.

கடன் ஆண்டில் ஓடுகிறது, கார் கிலோமீட்டரில் ஓடுகிறது

நம் ஊரில் நீண்ட காலமாகக் கார்க் கடனுக்குச் சொல்லப்பட்டு வந்த வட்டி நிலையான வட்டி. கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போட்டு, மொத்தத்தையும் மாதங்களால் வகுத்துத் தவணையைச் சொல்கிறார்கள். அதனால் 3.5 என்று காதில் விழுவது, குறையும் கடனுக்கான வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 6.5 விழுக்காடாகிறது. வேறு வகைக் கடனோடு ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தவணைக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதைவிடப் பெரிய முடிவு. மேற்சொன்ன கடனை ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை 493 வெள்ளி. ஏழு ஆண்டுக்கு 600. ஐந்து ஆண்டுக்கு 793. விற்பனையாளர் ஒன்பதாண்டையே முதலில் நீட்டுவார், அதில் மாதச் சுமை குறைவாகத் தெரியும். குடும்பக் காருக்கு அது ஒருவேளை பொருந்தலாம். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார் ஐந்து ஆண்டுக்குள்ளேயே ஏறத்தாழ 280,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். ஒன்பதாவது ஆண்டில் அதன் ஓடோமீட்டர் ஐந்து லட்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சிறிய செடான் கார் ஒன்று மூன்று லட்சத்தைத் தாண்டிய பிறகு கியர்பெட்டி, ஏர்கோன் கம்ப்ரசர், சஸ்பென்ஷன் என்று பெரிய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். பட்டறைக்குப் பணம் கட்ட வேண்டிய அந்த மாதங்களிலேயே வங்கிக்கும் தவணை கட்ட வேண்டியிருக்கும் என்றால், அந்தக் கார் பிந்திய ஆண்டுகளில் உரிமையாளரைத் தின்னும். ஆகவே கார் மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் முன்பே கடன் முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஐந்து ஆண்டையே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு விலை உண்டு. முதல் நாளிலிருந்தே கார் அதிக நாள் ஓடியாக வேண்டும்.

உற்பத்தியாளரின் உத்தரவாதத்தையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை என்று எழுதியிருக்கும். வாடகைக் காருக்கு அந்த ஐந்து ஆண்டு என்பது வெறும் எழுத்து; மூன்றாம் ஆண்டு முடிவதற்கு முன்பே 150,000 வந்துவிடும். கடனின் பின்பாதி முழுவதும் உத்தரவாதம் இல்லாத காலம் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். பயணிகளை ஏற்றும் வாகனத்துக்கு உத்தரவாதத்தில் விலக்கு ஏதேனும் உண்டா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக் கொள்முதல் சட்டம் 1967 பற்றி ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், கடன் கொடுத்தவர் 21 நாள் அவகாசம் தரும் அறிவிப்பை அனுப்பிவிட்டு வாகனத்தை எடுத்துக்கொள்ளலாம். வாகன விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால், எடுப்பதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும். அதாவது தொழில் தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளில் இரண்டு மாதப் பணமுடை வந்தாலே கார் கைவிட்டுப் போகும் நிலை ஏற்படலாம். சேமிப்பு முழுவதையும் முன்பணத்தில் போட்டுவிடுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு நாள் ஓடினால் எவ்வளவு, நின்றால் எவ்வளவு

கார் ஓடினாலும் நின்றாலும் விழும் செலவை முதலில் பிரித்துக்கொள்வோம். தவணை 793 வெள்ளி. இ-ஹெய்லிங் நீட்டிப்போடு கூடிய காப்புறுதி ஆண்டுக்கு 1,975 என்று வைத்து, 1.3 லிட்டர் காருக்கான சாலை வரி 70 வெள்ளியையும் இ-ஹெய்லிங் வாகன அனுமதிக்கான 115 வெள்ளியையும் சேர்த்தால் ஆண்டுக்கு 2,160, மாதத்துக்கு 180. இடங்காட்டிக் கருவி, கணக்கெழுதுதல் போன்றவற்றுக்கு 60 வெள்ளி. ஆக மாதத்துக்கு 1,033 வெள்ளி, ஆண்டுக்கு 12,396 வெள்ளி. இது நிற்காத செலவு.

ஓடினால் மட்டும் வரும் செலவு இரண்டு: பெட்ரோலும் தேய்மானப் பராமரிப்பும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், நாற்பதாயிரத்துக்கு நான்கு டயர், இடையில் பிரேக் பேட், பேட்டரி, அப்சோர்பர், ஏர்கோன் வேலை என்று எல்லாவற்றையும் கிலோமீட்டரால் வகுத்தால், முதல் மூன்று லட்சம் கிலோமீட்டருக்குச் சராசரியாக எட்டு சென் ஒதுக்குவது நிதானமானது. நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு அது 16 வெள்ளி. புதுக் காரின் முதல் ஆண்டில் இந்த 16 வெள்ளி பெரும்பாலும் செலவாகாது. அதை லாபம் என்று எண்ணி எடுத்துவிடுகிறவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் டயர் மாற்றக் கடன் கேட்கிறார்கள். செலவானாலும் ஆகாவிட்டாலும், ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து வாரந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

பெட்ரோலுக்கு, ஜார்ஜ்டவுன் நெரிசலும் பாலத்தின் மாலை வரிசையும் சேர்ந்த ஓட்டத்தில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று வைத்தால், நாளுக்கு 14.3 லிட்டர் போகும். 2025 செப்டம்பர் 30-இல் புடி95 திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளிக்கும், திட்டத்துக்கு வெளியே 2.60 வெள்ளிக்கும் விற்கப்பட்டது. இதில் உரிமையாளர் கவனிக்க வேண்டியது விலையைவிட அது யாருக்குக் கிடைக்கிறது என்பதை. சலுகை மைகார்டில் இருக்கிறது, காரில் இல்லை. பம்பில் தன் அட்டையைக் காட்டும் ஓட்டுநருக்கே அது கிடைக்கும். நிறுவனத்தின் பெயரில் எண்ணெய் வாங்கித் தரும் பழைய முறை இனிப் பொருந்தாது. திட்டம் தொடங்கியபோது சாதாரண ஒதுக்கீடு மாதத்துக்கு 300 லிட்டர். நம் கார் 24 நாள் ஓடினாலே 343 லிட்டர் குடிக்கும். இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குத் தனியாகக் கூடுதல் ஒதுக்கீடு வைக்கப்பட்டது. அதைத் தன் பெயரில் பெற்றிருக்காத ஓட்டுநர் மாதக் கடைசியில் முழு விலைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். ஓட்டுநரைச் சேர்க்கும்போதே இதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். சலுகை விலையில் ஒரு நாள் எண்ணெய் 28 வெள்ளி 40 சென்.

வரவைப் பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டும் ஒருவர் நாளுக்கு 240 வெள்ளி கட்டணம் பார்க்கிறார் என்று கொண்டால், செயலி நிறுவனம் 20 விழுக்காடு கழிவு எடுத்துக்கொண்ட பிறகு 192 வெள்ளி அவர் கையில் வரும். எண்ணெய் போக 163 வெள்ளி 60 சென் மிஞ்சும். ஓட்டுநரின் பிழைப்பு, உரிமையாளரின் தவணை, காரின் தேய்மானம் ஆகிய மூன்றும் இந்தத் தொகைக்குள்ளேதான் அடங்க வேண்டும்.

26 எப்படி 23 ஆகிறது

நாள் வாடகை 60 வெள்ளி, எண்ணெய் ஓட்டுநர் பொறுப்பு என்ற வழக்கமான ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். வாடகையில் தேய்மானத்துக்கு 16 போக உரிமையாளருக்கு 44 வெள்ளி. நிற்காத செலவு 1,033-ஐ 44-ஆல் வகுத்தால் 23.5. மாதத்தில் முதல் இருபத்து மூன்றரை நாள் கார் வங்கிக்கும் காப்புறுதிக்கும் ஓடுகிறது; அதற்கு மேல் ஓடும் நாள்தான் உரிமையாளருடையது. தாளில் 26 நாள் என்று போட்டால் காருக்கு மாதம் 111 வெள்ளி, ஆண்டுக்கு 1,332 வெள்ளி லாபம். சிறிய தொகைதான், ஆனாலும் நான்கு கார், கடனும் அடைகிறது என்று மனம் ஆறுதல் கொள்ளும்.

இப்போது ஆண்டின் 365 நாளிலிருந்து நிற்கும் நாள்களைக் கழிப்போம். வார ஓய்வு 52 நாள். தீபாவளி, தைப்பூசம், குடும்ப விசேஷங்கள் என்று குறைந்தது எட்டு நாள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் பயணிகள் நிறைய இருந்தாலும் நம் ஓட்டுநர் காவடி எடுக்கும் அண்ணனோடு நடந்துகொண்டிருப்பார், அதைக் குறை சொல்ல முடியாது. அறுபத்தைந்து நாளுக்கு ஒரு முறை வரும் சர்வீஸும் சில்லறை வேலைகளும் சேர்ந்து ஆறு நாள். ஒரு சிறு மோதல் நேர்ந்து பட்டறையில் உதிரிப்பாகத்துக்குக் காத்திருப்பது பத்து நாள். ஓட்டுநர் ஒருவர் விலகி இன்னொருவர் வருவதற்குள் பன்னிரண்டு நாள். மிச்சம் 277 நாள், மாதத்துக்கு 23. இப்போது ஆண்டுக் கணக்கு 208 வெள்ளி நட்டம். பெரிய விபத்து எதுவும் நேரவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஓர் ஆண்டு இயல்பாகக் கழிந்ததே நட்டத்துக்குக் காரணம்.

இந்த நாள்களில் எல்லாம் ஒரே வகையல்ல. சர்வீஸ் நாளைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. அதிகம் குறைக்கக்கூடியதும், கணக்கில் எழுதப்படாமலே போவதும் ஓட்டுநர் மாறும் நாள்கள்தான். இ-ஹெய்லிங்கில் கணக்கு ஓட்டுநரின் பெயரில் இருக்கிறது. புதிதாக வருபவரிடம் பயணிகள் வாகனம் ஓட்டுவதற்கான பிஎஸ்வி உரிமம் இருக்க வேண்டும். உரிமையாளர் அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் கணக்கில் இந்தக் காரைச் சேர்க்க வேண்டும். அனுமதியும் காப்புறுதியும் சரிபார்க்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள் இழுக்கும். பிஎஸ்வி இல்லாத ஒருவரைப் பிடித்து, வகுப்புக்கும் மருத்துவச் சோதனைக்கும் அனுப்பத் தொடங்கினால் வாரங்கள் போய்விடும். அதற்குள் தவணைத் தேதி வந்து நிற்கும்.

விபத்து நாள்களைக் குறைப்பதும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. மோதல் நடந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்தாக வேண்டும். காப்புறுதியின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு அன்றே காரை அனுப்பிவிட வேண்டும். தெரிந்தவர் பட்டறையில் இரண்டு நாள் போட்டு வைத்து விலை பேசுவது கோரிக்கையையும் கெடுக்கும், நாளையும் தின்னும். ஓட்டுநரின் பெயர் காப்புறுதிப் பத்திரத்தில் இல்லையென்றால், வழக்கமான பத்திரங்களில் முதல் 400 வெள்ளி உரிமையாளர் தலையில் விழும். இழப்பீடு கோரினால் நோ-கிளைம் தள்ளுபடியும் போய்விடும். நான்கு புதுக் கார்கள் ஒன்றும் இல்லாமல் தொடங்கி, ஐந்து ஆண்டில் 55 விழுக்காடு வரை ஏற வேண்டிய அந்தத் தள்ளுபடி மீண்டும் பூஜ்யத்துக்கு வரும். அதனால் சில நூறு வெள்ளிப் பழுதைக் கைப்பணத்தில் செய்வதே லாபம். தவறு எதிர்த்தரப்பினுடையது என்றால், காரின்றி நின்ற நாள்களுக்கும் அவர்களின் காப்புறுதியிடம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அது மதிப்பீட்டாளர் பழுதுபார்ப்புக்குக் குறித்த நாள்களை ஒட்டிக் கணக்கிடப்படுமே தவிர, உதிரிப்பாகம் வராமல் நாம் காத்திருந்த அத்தனை நாளுக்கும் கிடைக்காது.

காப்புறுதி பற்றிப் பேசும்போதே எழுத்தில் முடிக்க வேண்டிய இரண்டு வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். இ-ஹெய்லிங் நீட்டிப்பு இல்லாத தனியார் கார்ப் பத்திரத்தோடு கட்டணப் பயணியை ஏற்றினால், விபத்தின்போது பாதுகாப்பு இல்லை. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தங்களும் வங்கியின் ஒப்புதல் இல்லாமல் காரை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதை வழக்கமாகத் தடுக்கின்றன. ஆகவே முதல் காரை எடுப்பதற்கு முன்பே வங்கியிடம் ஒப்புதலையும், ஓட்டுநருக்கு வாடகைக்கு விடும் தொழிலுக்கு என்ன உரிமம் வேண்டும் என்ற பதிலை அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திடமும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நிற்கும் நாள் யாருடையது

ஓட்டுநருக்கு எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி, உண்மையில் நிற்கும் நாளின் சுமையை யார் தாங்குவது என்ற கேள்விதான்.

நாள் வாடகையில் ஓடாத நாள் உரிமையாளருடையது. அதைக் கண்டுகொண்ட பலர் வார வாடகைக்கு மாறுகிறார்கள்: வாரம் 380 வெள்ளி, ஓய்வு நாளும் காய்ச்சல் நாளும் ஓட்டுநர் கணக்கு. தாளில் இது நன்றாக இருக்கும். மேற்சொன்ன அதே ஆண்டில் உரிமையாளருக்கு ஏறத்தாழ 1,470 வெள்ளி மிஞ்சும். ஆறு நாள் ஓட்டும் ஓட்டுநருக்கு நாளுக்கு நூறு வெள்ளி நிற்கும். ஆனால் ஒரு வாரம் பிள்ளைக்கு டெங்கி என்று மருத்துவமனையில் உட்கார்ந்துவிட்டால், வருமானமும் இல்லை, 380 வெள்ளிக் கடனும் ஏறிவிடும். அடுத்த வாரம் அதைச் சேர்த்துக் கட்டும்போது அவர் கையில் பாதிகூட நிற்காது. இரண்டு முறை இப்படி நடந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். ஓட்டுநர் மாறும் பன்னிரண்டு நாளில் உரிமையாளர் இழப்பது 650 வெள்ளி. அவரிடம் பிடிவாதமாக வசூலித்த ஒரு வார வாடகையைவிட அது அதிகம். ஓட்டுநர் தலையில் தள்ளிவிட்ட நிற்கும் நாள், ஓட்டுநர் மாறும் நாளாக மாறி உரிமையாளர் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

மாதச் சம்பளம் நேர்மையான வழிதான், ஆனால் செயலி ஓட்டத்துக்கு அது பொருந்துவதில்லை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் 13 விழுக்காடு, சொக்சோ, வேலைக் காப்புறுதி சேர்த்தால் 1,950-ஐத் தாண்டும். வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் ஓட்டினால் நாளுக்கு 150 வெள்ளிதான் வரும் என்று வைத்துப் பாருங்கள்: எண்ணெய், தேய்மானம், சம்பளம், நிற்காத செலவு எல்லாம் போக, 26 நாள் முழுதாக ஓடினாலும் கணக்கு பூஜ்யத்தில் நிற்கிறது. மேலும் பணம் முதலில் போய்ச் சேர்வது ஓட்டுநரின் கணக்கில். தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றி இறக்குவது போன்ற நிலையான ஒப்பந்தம் இருந்து, ஒரே கார் இரண்டு நேரமும் ஓடினால் சம்பளம் சரிவரும். அது வேறு தொழில், அதற்கான உரிமமும் வேறு.

எனக்குச் சரியென்று படுவது பங்கு முறை. எண்ணெய்க்குப் பிறகு நிற்கும் 163 வெள்ளி 60 சென்னில் ஓட்டுநருக்கு 60 விழுக்காடு, உரிமையாளருக்கு 40. ஓட்டுநருக்கு நாளுக்கு 98 வெள்ளி, உரிமையாளருக்கு 65. அதில் தேய்மானம் போக 49 வெள்ளி 40 சென். மாதத்துக்கு 21 நாள் ஓடினாலே நிற்காத செலவு முடிந்துவிடுகிறது, 277 நாள் ஆண்டில் 1,300 வெள்ளி மிஞ்சுகிறது. வார வாடகையைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் மழை வாரத்திலும் நோன்பு மாதத்தின் மந்தமான பகலிலும் ஓட்டுநர் கடனாளி ஆவதில்லை. அதனால் அவர் நிலைக்கிறார். ஓட்டுநரின் சுயதொழில் சொக்சோ சந்தாவை, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் டாக்சிக்கும் இ-ஹெய்லிங்குக்கும் கட்டாயமாக்கியிருக்கும் அந்தத் தொகையை, உரிமையாளர் தன் பங்கிலிருந்து கட்டிவிடுவது நல்லது. ஒரு காருக்கு மாதம் இருபது வெள்ளியை ஒட்டி முடிந்துவிடும். ஓட்டுநர் விபத்தில் படுத்தால் அவர் குடும்பத்துக்கு அதுவே ஆதாரம். ஏற்பாடு எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். நேரத்தையும் ஓட்டும் முறையையும் கட்டுப்படுத்தி, காரையும் கொடுத்து, எழுத்தில் எதுவும் இல்லையென்றால், 2023 முதல் வேலைச் சட்டத்தில் சேர்ந்துள்ள 101சி பிரிவு அவரை ஊழியர் என்றே கொள்ள இடம் தருகிறது.

பங்கு முறையின் பலவீனம் நம்பிக்கை. அதற்குச் சண்டையில்லாத ஒரு சோதனை உண்டு. ஓட்டுநர் வாரந்தோறும் செயலியின் வருமானத் திரையை அனுப்ப வேண்டும். உரிமையாளர் ஓடோமீட்டரைப் படமெடுத்து வைக்க வேண்டும். கழிவு போன வரவை ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால், நம் எடுத்துக்காட்டில் கிலோமீட்டருக்கு 96 சென் வரும். நான்கு வாரம் அதே அளவில் இருந்துவிட்டு ஒரு வாரம் 75-க்கு இறங்கினால், காரணம் இருக்கிறது. பயணி இல்லாமல் அலைந்திருக்கலாம், சொந்த வேலைக்கு ஓடியிருக்கலாம், செயலிக்கு வெளியே பயணி ஏற்றியிருக்கலாம். பாயான் லெப்பாஸிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு ஒரு பயணம் கிடைத்து, திரும்பும்போது காலியாகப் பாலத்தைக் கடந்து சுங்கமும் கட்டியிருக்கலாம். பாலத்தில் சுங்கம் தீவுக்கு வரும் திசையில்தான் என்பதால் இது அடிக்கடி நடக்கும். குற்றம் சாட்டுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். எண்ணெய்க் கணக்கும் இப்படியே: லிட்டருக்கு 14 என்று ஓடிய கார் 12-க்கு வந்தால், ஓட்டுநரைச் சந்தேகிக்கும் முன் டயர் காற்று, ஒட்டிக்கொண்ட பிரேக், ஏர்கோன் ஆகியவற்றைப் பட்டறையில் பார்க்கச் சொல்ல வேண்டும். பல நேரம் பெரிய பழுதின் முதல் அறிகுறி இந்த எண்ணில்தான் தெரியும்.

ஏழாவது நாளின் ஓட்டுநர்

ஓய்வு நாள்கள் 52-ஐ என்ன செய்வது? அதே ஓட்டுநரை ஏழு நாளும் ஓட்டச் சொல்வது மோதலில் முடியும். ஒரு மாற்று ஓட்டுநரை வைத்து, ஒவ்வொரு காரின் ஓய்வு நாளையும் வெவ்வேறு கிழமையில் வைப்பதுதான் வழி. மூன்று கார் என்றால் அவருக்கு வாரம் மூன்று நாள் வேலை. உரிமையாளரே பிஎஸ்வி வைத்திருந்தால் அந்த மூன்று நாளை அவரே ஓட்டலாம். ஓட்டுநர் பங்கும் அவருக்கே வரும், கார்களின் நிலையையும் வாரத்துக்கு ஒரு முறை கைப்பட உணரலாம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதும், குழியில் இறங்கும்போது முன்சக்கரம் தட்டுவதும் எந்தக் கணக்குத் தாளிலும் வராது. 52-இல் நாற்பது நாளை இப்படி மீட்டால் காருக்கு ஆண்டுக்கு மேலும் 1,976 வெள்ளி. 1,300 என்றிருந்தது 3,276 ஆகிறது. மாற்று ஓட்டுநரின் பெயர் மூன்று கார்களின் காப்புறுதியிலும் இருக்க வேண்டும், செயலியிலும் மூன்று கார்களும் அவர் கணக்கில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். நிலையான ஓட்டுநர் திடீரென்று விலகினால், முதல் வாரம் காரை நிறுத்தாமல் வைத்திருக்கப்போவதும் இவரே.

ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் தீர்ந்து, மூன்று லட்சத்தைத் தொட்ட காரை 13,000 வெள்ளிக்கு விற்க முடிந்தால், ஆண்டுக்கு 2,600 வெள்ளி கூடச் சேர்கிறது. ஆக ஒரு காருக்கு ஆண்டுக்கு 5,876 வெள்ளி. மூன்று காருக்கு மாதம் 1,470-ஐ ஒட்டி. அதில் கணிசமான பகுதி ஐந்தாம் ஆண்டில்தான் கையில் வரும். இருக்கும் வேலையை விட்டுவிட்டு இறங்கும் அளவுக்கு இது பெரிய வருமானமல்ல என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தானும் ஒரு காரை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் நடத்துபவருக்கே இது பொருந்தும்.

இனி அந்த 30,000 வெள்ளிக்கு வருவோம். நான்கு காருக்கு முன்பணம் 18,000. முதல் ஆண்டுக் காப்புறுதியும் வரியும் அனுமதியும் 8,640. கையில் மிஞ்சுவது 3,360 வெள்ளி. முதல் ஆண்டில் காப்புறுதி முன்பே கட்டப்பட்டுவிட்டதால், மாதந்தோறும் கட்டாயமாகப் போகும் ரொக்கம் காருக்கு 853, நான்கு காருக்கு 3,412. அதாவது கையிருப்பு ஒரு மாதத்துக்கே போதாது. முதல் மாதத்தில் இரண்டு ஓட்டுநர்களின் பிஎஸ்வி தாமதமானால், இரண்டாம் தவணையை வேறெங்கோ கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். மூன்று கார் என்றால் முன்பணம் 13,500, காப்புறுதி முதலியவை 6,480, கையில் 10,020 வெள்ளி. மாதக் கட்டாய ரொக்கம் 2,559. ஏறத்தாழ நான்கு மாதம் தாங்கும். கார்களையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. முதல் காரின் ஓட்டுநர் நிலைத்து, எட்டு வாரக் கிலோமீட்டர் கணக்கு கைக்கு வந்த பிறகு இரண்டாவது, அதன் பிறகு மூன்றாவது. நான்காவது காரை, மூன்று கார்களின் தேய்மானக் கணக்கில் ஓடிய கிலோமீட்டருக்கு எட்டு சென் வீதம் உண்மையிலேயே பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு பேசலாம்.